படுக்கையறைச் சுவர் நீலமா? ஓவியம் பார்த்து எழுதும் கேள்வியில் 15க்கு 5

சத்துவாச்சாரி அம்மா (இழையைத் தொடங்கியவர்)

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஓவியத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்விக்கு 15 மதிப்பெண்ணில் 5 தான் வந்திருக்கிறது. கேள்வி இது: "கீழே தரப்பட்டுள்ள ஓவிய நகலைக் கோடு, வண்ணம், அமைப்பு ஆகியவற்றின் வழியாக விவரித்து, அதன் பொருளை விளக்குக." அதன் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வண்ணப் படம். படத்தின் அடியில் "வின்சென்ட் வான்கோ, படுக்கையறை, 1889" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். சுருக்கமாகச் சொன்னால், "சுவர் நீலமாக இருப்பது ஓவியரின் சோகத்தைக் காட்டுகிறது. தரை சாய்ந்திருப்பது அவருடைய மனக்கலக்கத்தைக் காட்டுகிறது. அவர் தம் காதை அறுத்துக்கொண்டவர். சிவப்புப் போர்வை இரத்தத்தை நினைவூட்டுகிறது. ஆளில்லாத அறை அவருடைய தனிமை." இப்படிப் போகிறது. ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையால் மூன்று இடத்தில் "படத்தில் எங்கே?" என்று எழுதியிருக்கிறார். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் ஓவியம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு இந்த விடை நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. இதில் என்ன குறை என்று யாராவது சொல்ல முடியுமா?

கோட்டைவாசல்

குறையே இல்லை, அம்மா. ஓவியரின் வாழ்க்கை ஓவியத்தில் வராமல் வேறு எங்கே வரும்? நீலம் சோகத்தின் நிறம் என்பது உளவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். நான் முதுகலையில் உளவியல் படித்தவன். வான்கோ மனநல விடுதியில் இருந்தபோது வரைந்த படம் இது. அதைச் சரியாகப் பிடித்த பிள்ளைக்கு 5 மதிப்பெண் என்றால் அது அநியாயம். மறுமதிப்பீடு கேளுங்கள்.

குடியாத்தத்துக்காரன்

நகல் எடுக்கும் கேள்விக்கு மதிப்பெண் குறைவது வழக்கமானதுதான். என் மகன் அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் இளநிலை எழுதியபோதும் இதே கதைதான். மூலப் படத்தின் மேல் ஒரு அங்குலக் கட்டம் போட்டுக்கொண்டு, தாளிலும் அதே கட்டத்தை லேசாகப் போட்டால் கோடு தவறாது. கட்டத்தை எச் பென்சிலில்தான் போட வேண்டும். 2பி பென்சிலில் போட்டால் அழிக்கும்போது தாள் கறுத்துவிடும். மகளிடம் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி அம்மா

ஐயா, இதில் வரைய வேண்டியதே இல்லை. எழுத மட்டும்தான் வேண்டும். இருந்தாலும் நன்றி.

காகிதமும் கரியும்

ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வகை விடைத்தாள்களை நிறையவே திருத்தியிருக்கிறேன்.

அம்மா, உங்கள் மகள் எழுதிய ஐந்து வாக்கியங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, "நீலச் சுவர், சாய்ந்த தரை, சிவப்புப் போர்வை, காலியான அறை" என்ற நான்கு செய்தியை மட்டும் இன்னொரு பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை படத்தைப் பார்க்காமலேயே இதே விடையை எழுதிவிடும். ஆசிரியை "படத்தில் எங்கே?" என்று கேட்டது அதனால்தான். கேள்வியில் "விவரித்து" என்பது முதலில் வருகிறது, "பொருளை விளக்குக" என்பது கடைசியில். மகள் முதல் வரியிலேயே கடைசிப் படிக்குத் தாவிவிட்டாள்.

நான் திருத்துவதாக இருந்தால் 15ஐ இப்படிப் பிரிப்பேன். கண்ணில் படுவதைச் சொன்னதற்கு 4. கோடும் வண்ணமும் அமைப்பும் ஒன்றோடொன்று என்ன செய்கின்றன என்று காட்டியதற்கு 6. பொருளுக்கு 5. உங்கள் மகளின் விடை கடைசி ஐந்தில் மட்டும் நிற்கிறது. அதிலும் முழுதாக நிற்கவில்லை.

இனி படத்துக்கு வருவோம். கோட்டிலிருந்து தொடங்கலாம். கட்டில், நாற்காலி, சன்னல் எல்லாவற்றையும் சுற்றித் தடித்த, கருமையான எல்லைக்கோடு ஓடுகிறது. பெரும்பாலும் நேர்க்கோடுகள். வளைவு என்று பார்த்தால் கட்டிலின் தலைமாடு, மேசை மேல் இருக்கும் குவளை, தலையணை போல ஒரு சில இடங்கள்தான். தரையின் கோடுகள் முன்னாலிருந்து பின்சுவரை நோக்கி ஓடுகின்றன. மகளிடம் ஒரு அளவுகோலைக் கொடுத்து, கேள்வித்தாளிலேயே அந்தத் தரைக் கோடுகளைப் பென்சிலால் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கட்டிலின் இரு பக்கப் பலகைகளின் கோட்டையும் நீட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் சேராது. "தரை சாய்ந்திருக்கிறது" என்று அவள் எழுதியதற்கான சான்று அங்கேதான் இருக்கிறது. அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பார்த்ததை எழுதாமல், அதிலிருந்து எடுத்த முடிவை மட்டும் எழுதிவிட்டாள்.

அடுத்து அமைப்பு. கட்டில் வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு, கால்மாட்டுப் பலகையை நம் பக்கம் நீட்டி நிற்கிறது. இடப்பக்கம் சின்னச் சின்னப் பொருள்களாகப் பிரிந்திருக்கிறது. அங்கே கதவு, நாற்காலி, துண்டு, மேசை, கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. ஒரு பக்கம் கனம், மறுபக்கம் துண்டுதுண்டாக. நடுவில் தரை காலியாகக் கிடக்கிறது. இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலிகளுக்குத் தரையில் நிழல் விழவில்லை. நிழல் இல்லாததால் பொருள்கள் தரையில் அழுத்தமாக உட்காராமல், வெட்டி ஒட்டியது போல் நிற்கின்றன. இந்த ஒரு வரியை எழுதிய மாணவர்களுக்கு நான் கேள்வி கேட்காமல் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

வண்ணத்தை நாளை எழுதுகிறேன். அது கொஞ்சம் நீளமான கதை.

விருதம்பட்டு மாணவன்

ஐயா, எங்களுக்கு மாதிரித் தேர்வில் இதே மாதிரிக் கேள்வி வந்தது. ஆனால் கேள்வித்தாளைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் "வண்ணம்" என்றும் கேட்டிருந்தார்கள். நான் மனப்பாடமாக இருந்ததை வைத்து நீலம், மஞ்சள் என்று எழுதினேன். என் நண்பன் "வண்ணம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அந்தப் பகுதியை விட்டுவிட்டான். யார் செய்தது சரி?

காகிதமும் கரியும்

தம்பி, நண்பன் பாதி தூரம் சரியாகப் போயிருக்கிறான். நீ பார்க்காத நிறத்தைப் பார்த்ததாக எழுதினாய். அவன் பார்க்க முடியாததைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டான். "தரப்பட்ட நகலில் நிறம் இல்லை, வெளிர்ப்பும் கருமையும் மட்டுமே உள்ளன" என்று தொடங்கி, எது மிக வெளிர்ந்தது, எது மிகக் கறுத்தது, கண் முதலில் எங்கே போகிறது என்று எழுதியிருந்தால் அந்த மதிப்பெண் அவனுக்குத்தான்.

இந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்தால் வேடிக்கை ஒன்று நடக்கும். சிவப்புப் போர்வையும் சுவரின் நீலமும் இரண்டுமே வெறும் சாம்பலாகிவிடும். படத்தில் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது வெளிச்ச வேறுபாடு மட்டுமல்ல, நிற வேறுபாடும்தான் என்பது அப்போதுதான் தெரியும்.

மை வாசனை

நான் வேலூரில் அச்சுத் தொழில் செய்பவன். ஓவியம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நீலத்தில் எனக்கு ஒரு சந்தேகம். கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் கத்தரிப்பூ நிறப் புடவையை அச்சடித்தால் பத்துக்கு ஆறு முறை நீலமாகத்தான் வரும். வீட்டார் வந்து சண்டை பிடிப்பார்கள். ஊதா நிறத்தை நாங்கள் நீல மையின் மேல் சிவப்புச் சாயலுள்ள மெஜந்தா மையைப் போட்டுத்தான் கொண்டுவருகிறோம். மெஜந்தா கொஞ்சம் குறைந்தாலும் ஊதா செத்து நீலமாகிவிடும். கேள்வித்தாள் அடிக்கும் மலிவான இயந்திரத்தில் இது இன்னும் மோசம். ஆகவே அந்தச் சுவர் உண்மையில் ஊதாவாக இருந்திருக்கலாம். நீலத்தை வைத்துக்கொண்டு சோகம் என்று எழுதுவது ஆபத்து.

காகிதமும் கரியும்

மை வாசனை ஐயா, நான் இன்று எழுத வைத்திருந்ததை நீங்கள் வேறு வாசல் வழியாக வந்து பிடித்துவிட்டீர்கள். கதை இது.

இந்தப் படுக்கையறையை வான்கோ மூன்று முறை வரைந்திருக்கிறார். முதல் படம் 1888 அக்டோபரில், பிரான்சின் தெற்கே ஆர்ல் ஊரில், அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டில். அது இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அவர் மருத்துவமனையில் இருந்த நாள்களில் அந்தப் படம் ஈரத்தில் பழுதானது. அதனால் 1889 செப்டம்பரில், சான் ரெமி விடுதியில் இருந்தபோது, அதையே பார்த்து இரண்டாவதை வரைந்தார். அது சிகாகோவில் இருக்கிறது. தாய்க்கும் தங்கைக்கும் அனுப்புவதற்காகச் சற்றுச் சிறிதாக மூன்றாவது ஒன்று வரைந்தார். அது பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில்.

முதல் படத்தை வரைந்தபோது அவர் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதி ஒவ்வொரு பொருளின் நிறத்தையும் சொல்லியிருக்கிறார். சுவர் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெய் மஞ்சள். போர்வை பளிச்சென்ற சிவப்பு. சன்னல் பச்சை. கதவுகள் இளம் ஊதா. இதில் எங்கேயும் நீலச் சுவர் இல்லை. அவர் ஊதாவைக் கொண்டுவரப் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுக்கக்கூடியது. காலப்போக்கில் சிவப்பு போய், அடியில் இருந்த நீலம் மட்டும் நின்றுவிட்டது. உங்கள் அச்சகத்தில் மெஜந்தா குறைந்து புடவை நீலமாகும் கதையேதான். அங்கே ஒரு நொடியில் நடப்பது இங்கே நூறாண்டில் நடந்திருக்கிறது. சிகாகோ அருங்காட்சியகம் 2016இல் மூன்று படங்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கண்காட்சி வைத்தது. அப்போது அந்த வெளுத்த நிறத்தைக் கணினியில் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் படம் ஓய்வையும் உறக்கத்தையும் நினைவூட்ட வேண்டும், பார்ப்பவரின் மூளைக்கு, அதைவிடக் கற்பனைக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அவர் எண்ணம். நிழல்களை வேண்டுமென்றே நீக்கினார். ஜப்பானிய அச்சுப் படங்களைப் போல நிறங்களைத் தட்டையாகப் போட்டார்.

கோட்டைவாசல்

அப்படியானால் முடிந்தது. ஓவியரே ஓய்வு என்று சொல்லிவிட்டார். "ஓய்வு" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண், "சோகம்" என்று எழுதினால் தவறு. நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அந்தக் கடிதத்தைத் தேர்வு அறையில் எங்கே போய்ப் படிப்பாள்?

காகிதமும் கரியும்

நீங்கள் இந்தப் பக்கம் சாய்ந்திருந்து, இப்போது முழுதாக அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். ஓவியர் சொன்னதுதான் விடை என்றால் கேள்வித்தாளில் படம் எதற்கு? கடிதத்தையே அச்சடித்துவிடலாம்.

முதலில் அம்மாவின் மகள் எழுதிய காது விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அது 1888 டிசம்பர் 23. முதல் படுக்கையறை அதற்கு இரண்டு மாதம் முன்னால், நண்பர் கோகன் வந்து தங்கப்போகிறார் என்று வீட்டை ஆசையாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நாள்களில் வரைந்தது. அந்தப் படத்தில் காதைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அம்மா கொடுத்த தலைப்பில் 1889 என்று இருக்கிறது. அது இரண்டாவதோ மூன்றாவதோ. விடுதியில் வரைந்ததுதான். அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் புதிதாக ஒரு மனநிலையைக் கொட்டி வரைந்ததல்ல, தம் பழைய படத்தையே பார்த்துத் திரும்ப எழுதியது. சாய்ந்த தரை முதல் படத்திலும் இருக்கிறது. பின்சுவரும் உண்மையிலேயே கோணலாக இருந்த சுவர். வீட்டின் முகப்பு சாய்வாக இருந்ததால் அறையின் மூலை சதுரமாக இல்லை. எல்லாக் கோணலையும் மூளைக்குள் தேடக்கூடாது. சில கோணல் கொத்தனாருடையது.

மை வாசனை

அந்தக் கடைசி வரிக்கு நான் இரண்டு முறை சிரித்தேன். எங்கள் கடையின் பின்சுவரும் அப்படித்தான்.

சரி, எனக்கு ஒன்று புரியவில்லை. சுவர் ஊதா என்பது உண்மை. கேள்வித்தாளில் நீலம் என்பதும் உண்மை. பிள்ளை எதை எழுத வேண்டும்?

காகிதமும் கரியும்

நகலில் நீலம் தெரிந்தால் நீலம் என்றுதான் எழுத வேண்டும். கேள்வி "தரப்பட்ட நகலை" என்கிறது. ஊதா என்று தெரிந்தவள் ஒரு வரி கூடுதலாக எழுதலாம். தெரியாதவளுக்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் குறையக்கூடாது.

கோட்டைவாசல்

இதை ஏற்க முடியாது, ஐயா. ஓவியத்தைப் பற்றிய கேள்விக்குத் தவறான நிறத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்தபடி எழுது என்பது எந்த நியாயம்? அப்படியென்றால் பிள்ளை வான்கோவைப் பற்றி எழுதவில்லை, ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பற்றி எழுதுகிறாள்.

காகிதமும் கரியும்

ஜெராக்ஸ் இயந்திரம் மட்டுமா? ஆம்ஸ்டர்டாமுக்கே போய் நின்று பார்த்தாலும் வெளுத்த சுவரைத்தான் பார்ப்பீர்கள். எந்த நகலை நம்புவது என்பது என் துறையில் தீராத சண்டை. நான் தேர்வை மட்டும்தான் பேசுகிறேன்.

விருதம்பட்டு மாணவன்

ஐயா, "ஓய்வு" என்று எழுதினால் எப்படி நிரூபிப்பது? "கலக்கம்" என்று எழுதினால் எப்படி? இரண்டையும் ஒரே படத்தில் காட்ட முடியுமா?

காகிதமும் கரியும்

நல்ல கேள்வி. இதற்காகத்தான் நான் மூன்று நாளாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

ஓய்வுக்கு என்ன சான்று? தட்டையான, பெரிய நிறப் பரப்புகள். பொருள்களைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது போன்ற தடித்த எல்லைக்கோடு. கட்டிலின் கனம். விரித்து வைத்த போர்வை. மூடிய சன்னல். ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் எதிர்நிறம் துணைக்கு நிற்கிறது. வெளுக்கும் முன் ஊதாவாக இருந்த சுவருக்கு வெண்ணெய் மஞ்சள் கட்டில், சிவப்புப் போர்வைக்குப் பச்சைச் சன்னல். இப்படி எதிர்நிறங்கள் அருகருகே வரும்போது இரண்டும் பளிச்சென்று தெரியும். அதே சமயம் ஒன்றை ஒன்று சமன் செய்யும். போர்வையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். சன்னலின் பச்சை உடனே சோர்ந்துவிடும்.

கலக்கத்துக்கு என்ன சான்று? நம்மை நோக்கிச் சரியும் தரை. கட்டிலுக்கு மேல் மாட்டிய படங்கள் சுவரை விட்டுக் கழன்று விழுவது போல் சாய்வது. ஒரே புள்ளியில் சேராத கோடுகள். நிழல் இல்லாததால் எதுவும் தரையில் ஊன்றாமல் இருப்பது.

இரண்டும் படத்தில் இருக்கின்றன. நிறம் ஓய்வு கொடுக்கப் பார்க்கிறது, கோடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இப்படி எழுதும் பிள்ளைக்கு நான் ஐந்துக்கு ஐந்து போடுவேன். ஒன்றை மட்டும் எடுத்துச் சான்றோடு எழுதினால் நான்கு. சான்றில்லாமல் "நீலம் சோகம்" என்றால் ஒன்று. ஒரே நீலம் கண்ணன் படத்தில் சோகமா? நிறத்துக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வருவது அது.

வேலூர் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு நான் மாணவர்களை அழைத்துப் போவது வழக்கம். தூணுக்கு முன்னால் நிறுத்தி, பத்து நிமிடம் "அழகு, கம்பீரம்" என்ற இரண்டு சொல்லையும் சொல்லக்கூடாது என்பேன். முதல் மூன்று நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகுதான் "குதிரையின் முன்கால் தூணை விட்டு வெளியே வருகிறது, ஐயா" என்று ஒருவன் ஆரம்பிப்பான்.

கோட்டைவாசல்

கண்ணன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கேள்வியிலேயே ஓவியர் பெயரும் ஆண்டும் கொடுத்திருக்கிறார்கள். வாழ்க்கையை எழுதக்கூடாது என்றால் பெயரை ஏன் போட்டார்கள்? பிள்ளைக்கு அது ஒரு தூண்டில்தானே?

காகிதமும் கரியும்

இதில் நீங்கள் சொல்வது சரி. நான் கேள்வி அமைத்தால் பெயரைப் போடமாட்டேன். பெயர் வேண்டும் என்று வாதாடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல் கொடுப்பது பிள்ளையைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது என்பார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் இது முடிந்ததே இல்லை.

சத்துவாச்சாரி அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகள் எல்லாவற்றையும் படித்தாள். அளவுகோலை வைத்துக் கோடு நீட்டிப் பார்த்தாள். தரைக் கோடுகளில் இரண்டு சன்னலுக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டனவாம். கட்டிலின் கோடுகள் வேறு எங்கோ போய்விட்டன. நேற்று இரவு புதிதாக எழுதியதில் ஒரு பத்தியை இங்கே போடச் சொன்னாள்.

"அறையில் உள்ள பொருள்களுக்கு நிழல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கிறது. ஆகவே அவை தரையில் நிற்கவில்லை, கோட்டுக்குள் நிற்கின்றன. தரை முன்பக்கம் சரிவதால் நாம் உள்ளே காலெடுத்து வைத்தால் வழுக்கிவிடும் போல் இருக்கிறது. கட்டில் மட்டும் அகலமாகவும் கனமாகவும் இருப்பதால் வழுக்கினாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். மஞ்சள் கட்டிலும் நீலச் சுவரும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் கட்டில் நம் பக்கம் முன்னால் வருகிறது."

இதற்கு எவ்வளவு போடுவீர்கள், ஐயா?

காகிதமும் கரியும்

"வழுக்கினாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்" என்பதற்கு எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

இந்தப் பத்தியில் ஒரு சந்தேகம் மட்டும். "கறுப்புக் கோடு" என்று எழுதியிருக்கிறாள். அது மூலத்தில் எல்லா இடத்திலும் சுத்தக் கறுப்பு அல்ல. தீப்பெட்டி அளவுப் படத்தில் அப்படித் தெரிந்திருக்கும். மூலம், அந்தச் சிறிய மூன்றாவது படமாக இல்லாவிட்டால், ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அகலம். "கருமையான கோடு" என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம். அதேபோல, வண்ணத்தின் தடிப்பு, தூரிகையின் ஓட்டம் பற்றி எழுதாமல் விட்டது நல்லது. அது இந்த அளவு நகலில் தெரியாது. தெரியும் என்று எழுதுபவர்கள் மனப்பாடம் செய்தவர்கள்.

அவளிடம் இன்னொன்று கேளுங்கள். கட்டிலுக்கு மேல் மாட்டியிருக்கும் இரண்டு உருவப் படங்களில் இருவரும் ஆண்களா, ஒருவர் பெண்ணா? முதல் படத்தில் அவருடைய நண்பர்கள் இருவர். 1889இல் வரைந்த இரண்டிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். தலைப்பில் 1889 என்று போட்டுவிட்டு ஆம்ஸ்டர்டாம் படத்தை அச்சடித்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சத்துவாச்சாரி அம்மா

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இரண்டும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறதாம். முகமே இல்லை.

மை வாசனை

அச்சின் புள்ளி அது. எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான் பெரிதாகும். அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து பெரிய படத்தை இறக்கிக்கொண்டு கடைக்கு வரச் சொல்லுங்கள். மூன்றையும் ஏ3 தாளில் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஊதா வராவிட்டால் என்னைத் திட்டக்கூடாது.

குடியாத்தத்துக்காரன்

ஏ3 தாள் என்றால் கட்டம் இரண்டு அங்குலம் போடலாம்.